சீலிங்குக்கு மேலே விட்டுவந்த இணைப்பு

வலிகாமம் வடக்கில் வயரிங் வேலை செய்யும் தம்பி தங்கச்சிமாருக்கு,

தெல்லிப்பழைச் சந்தியிலிருந்து மாவிட்டபுரம், கீரிமலை, காங்கேசன்துறை என்று நீங்கள் மோட்டார் சைக்கிளில் ஏணி கட்டிக்கொண்டு போகும் வீதிகளில்தான் நானும் முப்பது வருடத்துக்கு மேல் இந்த வேலை செய்தேன். இப்போது ஏணியில் ஏறுவதில்லை. ஆனால் யாராவது கூப்பிட்டால் போய்ப் பார்க்கிறேன். அப்படிப் பார்த்த ஒரு வீட்டைப் பற்றியும், அந்த வீடு சொல்லித் தந்ததைப் பற்றியும் உங்களுக்கு எழுத வேண்டும் என்று பல நாளாக நினைத்திருந்தேன். விடயம் சின்னது. இரண்டு வயரை ஒன்றாகச் சேர்க்கும்போது எந்தக் கொனெக்டரைப் போடுவது என்பதுதான்.

கடைக்குப் போனால் இப்போது மூன்று வகை கிடைக்கிறது. ஒன்று, எல்லாருக்கும் பழக்கமான ஸ்குரூ கொனெக்டர், பன்னிரண்டு துண்டு சேர்ந்த பிளாஸ்ரிக் பார். இரண்டாவது, உரித்த வயரை அப்படியே தள்ளிச் செருகும் புஷ் கொனெக்டர். மூன்றாவது, சின்ன நெம்புகோலைத் தூக்கி வயரை வைத்து அமர்த்தும் லீவர் கொனெக்டர். உங்களில் சிலர் "பார் போதும், எங்கட அப்பா காலத்திலயும் இதுதானே" என்கிறீர்கள். சிலர் "இனி எல்லாத்துக்கும் லீவர்தான்" என்கிறீர்கள். இரண்டு பேச்சிலும் எனக்கு உடன்பாடில்லை. கொனெக்டரை நாங்கள் தெரிவு செய்வதில்லை, கையில் இருக்கும் வயர்தான் தெரிவு செய்கிறது. எங்கள் பகுதி வீடுகளில் அந்த வயர் ஒரே வகையாக இருப்பதில்லை என்பதுதான் சிக்கல்.

ஏன் என்று உங்களுக்குத் தெரியும். 1990இல் சனம் எழும்பிப் போனது. போர் முடிந்தபின் காணிகள் ஒவ்வொரு துண்டாக விடுபட, ஒவ்வொரு குடும்பமாகத் திரும்பி வந்தது. கூரை போய்ச் சுவர் மட்டும் நின்ற வீட்டைச் சிலர் திருத்தினார்கள். சிலர் வீட்டுத்திட்டக் காசில் புது வீடு கட்டினார்கள். பிறகு கனடாவிலும் இலண்டனிலும் இருந்து பிள்ளைகள் காசு அனுப்ப, அதோடு ஒரு குசினியும் ஒரு குளியலறையும் சேர்ந்தன. ஆகவே ஒரே வீட்டுக்குள் மூன்று காலத்து வயர் ஓடுகிறது. சுவருக்குள் தப்பிக் கிடந்த பழைய அங்குல அளவு வயர், பிறகு வந்த மில்லிமீற்றர் அளவு வயர், இப்போது எல்.ஈ.டி. விளக்கோடும் ஃபானோடும் வரும் மெல்லிய பிளெக்ஸ் வயர். இந்த மூன்றும் சந்திக்கும் இடத்தில்தான் கொனெக்டர் உட்காருகிறது.

நான் சொல்லும் வீடு துர்க்கை அம்மன் கோயிலில் இருந்து நடக்கிற தூரம். முன்பக்கம் பழைய கல்வீடு, பின்பக்கம் புதிதாக இழுத்த குசினி. வீட்டுக்கார அக்கா தொலைபேசியில் சொன்னது இவ்வளவுதான்: "அண்ணை, கேத்திலைப் போட்டா ஃபான் மெதுவாச் சுத்துது. ரெண்டு மூண்டு நாளா ஒரு மீன் மணமும் வருது. நாங்கள் மரக்கறிதான் சமைக்கிறது."

மீன் மணம் என்றதும் நான் அவவிடம் குசினி எம்.சி.பி.யை உடனே நிறுத்தச் சொல்லிவிட்டேன். சில வகைப் பிளாஸ்ரிக்கும் பேக்கலைற்றும் சூடேறிக் கருகத் தொடங்கும்போது அந்த மணம்தான் வரும். புகை வருவதற்கு நாட்கணக்கில் முந்தியே வரும். மின்சார வேலை பற்றி வீட்டுக்காரருக்கு ஒன்றே ஒன்றுதான் சொல்லிக் கொடுக்கலாம் என்றால், நான் இதைத்தான் சொல்லிக் கொடுப்பேன்.

ஒரு தம்பியையும் கூட்டிக்கொண்டு போய்ப் பார்த்தேன். ட்ரிப் சுவிச் ஒருமுறையும் விழவில்லை. 20 அம்பியர் எம்.சி.பி.யும் விழவில்லை. இதைக் கேட்டு "அப்ப லைன் சரிதானே" என்று சொல்பவர்கள் இருக்கிறார்கள். அப்படிச் சொல்லக்கூடாது. எம்.சி.பி. பார்ப்பது அளவுக்கு மிஞ்சிக் கரண்ட் போகிறதா என்பதை. ட்ரிப் சுவிச் பார்ப்பது லைவில் போன கரண்ட் நியூற்றலில் முழுதாகத் திரும்பி வருகிறதா என்பதை. தளர்ந்த இணைப்பில் இரண்டிலும் பிழை தெரிவதில்லை. கேத்தில் இழுக்கும் அதே 8 அம்பியர் சொச்சம்தான் போகிறது, அதே அளவுதான் திரும்பி வருகிறது. இடையில் ஒரு விரல்நுனி அளவு இடம் கொதித்துக்கொண்டிருப்பது இரண்டு சுவிச்சுக்கும் தெரியாது. அதனால்தான் இணைப்பு என்பது முழுக்க எங்கள் கையில் உள்ள பொறுப்பு.

கூரைக்குள் ஏறும் முன்னர் மீற்றரை வைத்துப் பார்த்தோம். லைனைக் கொஞ்ச நேரம் போட்டு, கேத்திலைத் தண்ணீரோடு ஓடவிட்டு, டி.பி. பெட்டியில் ஒரு அளவும் குசினிப் பிளக்கில் ஒரு அளவும் எடுத்தோம். பெட்டியில் 231 வோல்ற்று. பிளக்கில் 226. வழியில் 5 வோல்ற்று தொலைகிறது. பெட்டியில் இருந்து குசினிக்குப் பதினைந்து மீற்றர் வயர். போகவும் வரவும் முப்பது. 2.5 சதுர மில்லிமீற்றர் செம்பு வயரில் எட்டரை அம்பியர் அவ்வளவு தூரம் போனால் ஏறக்குறைய 2 வோல்ற்று குறையும், அது இயல்பு. மிச்சம் 3 வோல்ற்று எங்கேயோ ஒரு இணைப்பில் விழுகிறது. 3 வோல்ற்றை எட்டரை அம்பியரால் பெருக்கினால் 25 வாட். றேடியோ திருத்துபவர்கள் ஈயம் உருக்க வைத்திருக்கும் சின்ன சோல்டரிங் அயன் 25 வாட்தான். கேத்தில் கொதிக்கும் ஒவ்வொரு தடவையும் ஒரு சோல்டரிங் அயன், ஓட்டுக்குக் கீழே, பனஞ்சிலாகைக்குப் பக்கத்தில் எரிந்துகொண்டிருந்திருக்கிறது.

மெயின் சுவிச்சை நிறுத்தி, அது நின்றதை மீற்றரால் உறுதி செய்துவிட்டுத்தான் சீலிங் பலகையைக் கழற்றினோம். ரெஸ்ரர் ஒன்றை மட்டும் நம்பி ஏறாதீர்கள். நியூற்றல் அறுந்த லைனில் ரெஸ்ரர் இரண்டு துளையிலும் எரியும், ரெஸ்ரரின் குமிழ் பழுதென்றால் எதிலும் எரியாது.

மேலே பெட்டி இல்லை. இன்சுலேசன் ரேப் சுற்றிய ஒரு கட்டுத்தான் சிலாகையில் தொங்கியது. சித்திரை வெயிலில் ஓடு காயும் காய்ச்சலில் ரேப்பின் பசை உருகி வழிந்து, பிறகு காய்ந்து, கையை வைத்தவுடன் சுருளாகக் கழன்று வந்தது. உள்ளே மூன்று துண்டு ஸ்குரூ கொனெக்டர். லைவ் துண்டு பரவாயில்லை. ஏர்த்தும் பரவாயில்லை. நியூற்றல் துண்டின் பிளாஸ்ரிக் தேன் நிறமாகி, ஒரு பக்கம் உருகி, உள்ளே இருந்த பித்தளை வெளியே தெரிந்தது.

அதில் நடந்திருந்தது என்ன என்பதைத்தான் ஆறுதலாகச் சொல்ல விரும்புகிறேன். ஏனென்றால் ஸ்குரூ கொனெக்டர் தோற்கும் வழிகளில் முக்கால்வாசி அந்த ஒரு துண்டுக்குள்ளேயே இருந்தன.

ஒரு பக்கத்தால் பழைய வயர் வந்தது. மறுபக்கத்தால் இரண்டு புதிய 7/0.67 வயர்கள் போயின. ஒன்று குசினிப் பிளக்குகளுக்கு, மற்றது பின்விறாந்தைப் பிளக்குக்கு. இரண்டையும் ஒரே துளைக்குள் விட்டு ஒரே ஸ்குரூவால் இறுக்கியிருந்தார்கள். ஏழு இழை வயர் இரண்டு பக்கத்துப் பக்கமாக ஒரு வட்டத் துளைக்குள் போனால், ஸ்குரூவின் நுனி ஒன்றின் முதுகில்தான் ஏறும். மற்றது பக்கத்தில் சும்மா ஒட்டிக்கொண்டு நிற்கும். இறுக்கும்போது கைக்கு நல்ல இறுக்கமாகத்தான் தெரியும். குசினிக்குப் போன வயர்தான் அப்படிச் சும்மா நின்றது.

ஸ்குரூ ஏறிய வயரும் முழுதாக இல்லை. அந்த மலிவான பாரில் ஸ்குரூவுக்கும் வயருக்கும் நடுவே அழுத்தத் தகடு கிடையாது. கூரான நுனி சுற்றிக்கொண்டே இறங்கி, ஏழில் இரண்டு இழையை அறுத்திருந்தது.

இதற்கு மேல் ஒரு காரணம் இருக்கிறது, அது கண்ணுக்குத் தெரியாதது. செம்பு மெதுவான உலோகம். ஓர் இடத்தில் தொடர்ந்து அழுத்திப் பிடித்தால், மாதக்கணக்கில் கொஞ்சம் கொஞ்சமாக விலகிக் கொடுக்கும். ஸ்குரூ இறுக்கிய இடத்திலேயே நிற்கும், செம்பு விலகிய அளவுக்கு அது பின்தொடர்ந்து வராது. கேத்தில் ஒவ்வொரு முறை போடும்போதும் இணைப்பு சூடாகி விரிகிறது, நிறுத்தும்போது சுருங்குகிறது. இப்படி நாளுக்கு ஐந்தாறு தரம். அழுத்தம் குறையக் குறையத் தடை கூடுகிறது, தடை கூடக் கூடச் சூடு கூடுகிறது, சூட்டில் செம்பின் மேல் கறுப்புப் படலம் படிந்து தடை இன்னும் ஏறுகிறது. இந்தச் சுழல் தொடங்கினால் தானாக நிற்காது.

இழை வயரின் நுனியில் ஈயம் பிடித்துவிட்டு ஸ்குரூவில் இறுக்கும் பழக்கம் எங்கள் ஆட்களிடம் இன்னும் இருக்கிறது. இழை சிதறாது, பார்க்கவும் வடிவாக இருக்கும். ஆனால் ஈயம் செம்பைவிடப் பன்மடங்கு மெதுவானது, அழுத்தத்தில் மெழுகுபோல ஒதுங்கிவிடும். இன்று இறுக்கியது சில மாதத்தில் ஆடும். ஈயம் பிடித்த நுனியோடு வரும் எல்.ஈ.டி. விளக்கு வயராக இருந்தாலும் அந்த நுனியை வெட்டிவிட்டுப் புதிதாக உரியுங்கள்.

இவ்வளவு சொன்னதால் ஸ்குரூவைத் தூக்கி எறியச் சொல்கிறேன் என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். டி.பி. பெட்டிக்குள் எம்.சி.பி., நியூற்றல் பார், ஏர்த் பார் எல்லாம் ஸ்குரூதான். கிணற்று மோட்டரின் முனைகளும் அதுதான். 6 சதுர மில்லிமீற்றருக்கு மேற்பட்ட தடித்த வயரை நாங்கள் கையில் வைத்திருக்கும் புஷ், லீவர் வகைகள் ஏற்காது, அங்கே நல்ல ஸ்குரூதான் வேலைக்காரன். சூடு கூடிய பழைய விளக்குக் கூடுகளுக்குள் பீங்கான் ஸ்குரூ கொனெக்டருக்கு இணையில்லை, ஏனென்றால் பீங்கான் உருகாது. ஆனால் அது தன் வேலையைச் செய்ய வேண்டுமென்றால் நாங்கள் எங்கள் வேலையைச் செய்ய வேண்டும். ஒரு துளைக்குள் ஒரு பக்கத்தால் ஒரு வயர். 1/1.13 போல மெல்லிய ஒற்றைக் கம்பி என்றால் நுனியை இரட்டையாக மடித்து விட வேண்டும். வயர் இரண்டு ஸ்குரூவையும் தாண்டி நிற்கும்படி போனால், இரண்டும் அதைப் பிடிக்கும். உறை ஸ்குரூவின் கீழே மாட்டக்கூடாது. இறுக்கிய பின் ஒவ்வொரு வயரையும் தனித்தனியாகக் குறட்டால் இழுத்துப் பார்க்க வேண்டும். மற்ற வேலைகளை முடித்துவிட்டுக் கிளம்பும் முன்னர் எல்லாவற்றையும் இன்னொரு தரம் இறுக்குங்கள். பெரும்பாலானவற்றில் ஸ்குரூ இன்னும் கொஞ்சம் திரும்பும். அந்தக் கொஞ்சம்தான் செம்பு விலகிக் கொடுத்த அளவு.

அந்த வீட்டில் எனக்கு முன்னால் இருந்த கேள்வி, இந்த மூன்று வயர்ச் சந்திக்கு எது என்பது. என்னோடு வந்த தம்பி சட்டைப் பையில் புஷ் கொனெக்டர் வைத்திருந்தார். நல்ல தயாரிப்பு, மூன்று துளை. "இதைப் போடுவமே அண்ணை, ரெண்டு நிமிச வேலை" என்றார். போடக்கூடாது என்றேன். காரணம் பழைய வயர்.

அந்தப் பழைய வயர் 7/.029. அங்குல அளவு. ஓர் இழை 0.029 அங்குலம், அதாவது 0.74 மில்லிமீற்றர் அளவு, அப்படி ஏழு. கணக்குப் பார்த்தால் 3 சதுர மில்லிமீற்றருக்குக் கிட்ட வரும். கண்ணுக்கு 7/0.67 போலத்தான் தெரியும், உறையின் தடிப்பும் ஏமாற்றும். ஆனால் தம்பியின் புஷ் கொனெக்டரில் எழுதியிருந்தது 2.5 வரை என்று. கஷ்டப்பட்டுத் தள்ளினால் சில வேளை போகும். போனது முழு ஆழத்துக்குப் போனதா, உள்ளே உள்ள தகடு வளைந்துவிட்டதா என்பது யாருக்கும் தெரியாது. பழைய வயரைத் தொடும்போது ஓர் இழையைப் பிரித்து, அளவுமானி இருந்தால் அளந்து பாருங்கள். இல்லாவிட்டால் புதிய 7/0.67 வயரின் இழை ஒன்றைப் பக்கத்தில் பிடித்துப் பாருங்கள். வித்தியாசம் நகத்துக்கே தெரியும்.

புஷ் கொனெக்டர் எப்படிப் பிடிக்கிறது என்று ஒருமுறை உடைத்துப் பார்த்தால், அது எங்கே நல்லது என்பதை யாரும் சொல்லித்தரத் தேவையில்லை. உள்ளே ஒரு செம்புத் தகடும், அதை நோக்கிச் சரிந்து நிற்கும் ஓர் எஃகு நாக்கும் இருக்கின்றன. வயர் உள்ளே போகும்போது அந்த நாக்கைத் தானே தள்ளித் திறக்கிறது. வெளியே இழுத்தால் நாக்கு இன்னும் இறுகக் கடிக்கிறது. செம்பு சூட்டில் அசைந்தாலும் நாக்கு வில்லாகப் பின்தொடர்ந்து அழுத்துகிறது, ஸ்குரூவால் முடியாதது இது. ஆனால் நாக்கைத் தள்ளித் திறப்பது வயரின் விறைப்புத்தான். விறைப்பு இல்லாத பிளெக்ஸ் வயர் உள்ளே போகாது, மடிந்து நிற்கும். நாலு இழை நுழைந்து, மிச்சம் வாசலில் பூவாக விரிந்து நிற்பதை நான் கண்டிருக்கிறேன்.

ஆகவே அதன் இடம் 1/1.13 ஒற்றைக் கம்பி ஓடும் லைற் லைன்கள். அறைக்கு அறை லைற்றுக்கு நியூற்றல் பிரிக்கும் பெட்டிகள், சுவிச்சுக்குப் பின்னால் நான்கைந்து நியூற்றல் சேரும் இடங்கள் எல்லாம் அதற்கென்றே செய்தது போல. கரண்ட் குறைவு, வயர் விறைப்பு, ஒருமுறை போட்டால் திரும்பக் கழற்றும் தேவையும் அருமை. ஏழு இழை வயரையும் சில புஷ் கொனெக்டர்கள் ஏற்கும், ஆனால் எல்லாம் ஏற்காது. கொனெக்டர் வரும் பெட்டியில் ஒற்றைக் கம்பிக்கு ஓர் அளவும் ஏழு இழைக்கு வேறோர் அளவும் போட்டிருப்பார்கள். ஏழு இழையைப் பற்றி ஒன்றும் இல்லாவிட்டால் அதற்குப் போடாதீர்கள்.

அதைப் போடுவதில் கவனம் உரிப்பதில்தான். அநேகமாக 11 மில்லிமீற்றர், கொனெக்டரின் பக்கத்திலேயே அளவுக் கோடு இருக்கும். குறைந்தால் நாக்கு உறையைக் கடிக்கும், கூடினால் வெளியே செம்பு தெரியும். கண்ணாடி போன்ற பின்பக்கத்தால் பார்த்தால் செம்பு நுனி அடியைத் தொட்டு நிற்பது தெரிய வேண்டும். கழற்ற வேண்டி வந்தால் முறுக்கி முறுக்கி இழுக்கலாம், ஆனால் அந்த நுனியில் நாக்குக் கீறிய தழும்பு இருக்கும். அதை வெட்டிவிட்டுப் புது நுனி உரித்துப் புதிய கொனெக்டர் போடுங்கள்.

அந்த வீட்டுக்கு வருகிறேன். நாங்கள் போட்டது லீவர். லீவரில் வயர் எதையும் தள்ளித் திறக்க வேண்டியதில்லை, உங்கள் விரல் நெம்பைத் தூக்கும்போதே வாய் திறந்துவிடுகிறது. வயரை வைத்து நெம்பை அமர்த்தினால் வில் மூடிக்கொள்கிறது. அதனால் ஒற்றைக் கம்பி, ஏழு இழை, பிளெக்ஸ் மூன்றும் ஒரே கொனெக்டரில் பக்கத்துப் பக்கத்து வாயில் இருக்கலாம். ஜேர்மனியின் மின்டென் நகரத்து வாகோ நிறுவனத்தின் 221 வகை 4 சதுர மில்லிமீற்றர் வரையும் 32 அம்பியர் வரையும் தாங்கும். பழைய 7/.029 அதற்குள் தாராளமாக அடங்கும். 6 வரை பிடிக்கும் பெரிய அண்ணனும் அதற்கு உண்டு. 32 என்று எழுதியிருக்கிறது என்பதற்காக லைனின் எம்.சி.பி.யைக் கூட்டிவிடாதீர்கள். எம்.சி.பி. வயரைக் காக்கத்தான், கொனெக்டரை அல்ல.

செய்த வேலையை அப்படியே சொல்கிறேன். முதலில் பழைய நியூற்றல் வயரை, கருகிய பகுதி போய்ப் பளபளப்பான செம்பு வரும்வரை பின்னுக்கு வெட்டினோம். நான்கு விரலளவு போனது. சூடு கண்ட செம்பு மங்கிக் கறுத்திருக்கும், அதன்மேல் எந்தக் கொனெக்டரைப் போட்டாலும் பழைய கதைதான். பிறகு எல்லா உபகரணங்களையும் கழற்றிவிட்டு அந்தப் பழைய வயரின் உறை இன்னும் நல்லதா என்று மெகரால் 500 வோல்ற்றில் பார்த்தோம். 1 மெகாஓமுக்குக் கீழே வந்தால் அந்த வயரை வைத்திருக்கவே கூடாது. இது அதைவிட எவ்வளவோ மேலே காட்டியது. ஆகவே வயரை வைத்துக்கொண்டோம். சிலாகையில் மூடியுள்ள ஜங்சன் பொக்ஸ் ஒன்றை ஸ்குரூவால் பூட்டினோம். வயர்களை 11 மில்லிமீற்றர் உரித்து, ஏழு இழையையும் அவை முறுகியிருந்த அதே திசையில் விரலால் இறுக முறுக்கி, மூன்று வாய் லீவர் மூன்று போட்டோம்: லைவுக்கு ஒன்று, நியூற்றலுக்கு ஒன்று, ஏர்த்துக்கு ஒன்று. பழைய சிவப்பு, கறுப்பு வயர்களின் நுனியில் மண்ணிறமும் நீலமுமாக ரேப் சுற்றி அடையாளம் வைத்தோம், அடுத்து ஏறுபவன் குழம்பக்கூடாது என்று.

லீவரிலும் பிழை விடலாம். நெம்பு முழுதாகப் படிந்து உடம்போடு ஒட்ட வேண்டும். கொஞ்சம் தூக்கி நின்றால் உள்ளே உறை மாட்டியிருக்கிறது, அல்லது வயர் தடிப்புக் கூட. பலவந்தமாக அமர்த்தாமல் திறந்து பாருங்கள். சின்னச் சண்க் பொக்ஸுக்குள் நான்கைந்து லீவரைத் திணித்து மூடியை அழுத்தினால், ஒன்றின் நெம்பு இன்னொரு வயரில் மாட்டித் திறந்துகொள்ளும். லீவர் இடம் பிடிக்கும் சாமான். இடமில்லாத பெட்டி, விறைப்பான 1/1.13 வயர் என்றால் அங்கே புஷ்தான் கெட்டிக்காரன். விலையும் குறைவு.

மூடி போடும் முன்னர் லைனைப் போட்டு, அதே கேத்தில், அதே இரண்டு அளவு. பெட்டியில் 231, பிளக்கில் 229. வயருக்கு உரிய 2 வோல்ற்று மட்டும்தான் போனது. ஃபானின் வேகம் குறையவில்லை. அக்கா குசினி வாசலில் நின்று, "அப்ப இவ்வளவு நாளும் அந்தச் சூடு எங்கட தலைக்கு மேலயோ இருந்தது?" என்று கேட்டா. ஓம் என்றேன். வேறென்ன சொல்ல.

அன்று என்னோடு வந்த தம்பி ஊரில் ஒரு கடையில் லீவர் கொனெக்டர் மலிவாகக் கிடைக்கிறது என்று ஒரு பொதியை இன்னொரு நாள் கொண்டுவந்து காட்டினார். பார்வைக்கு அதே செம்மஞ்சள் நெம்பு, அதே கண்ணாடி உடம்பு. ஆனால் தயாரித்தவர் பெயர் இல்லை. எத்தனை சதுர மில்லிமீற்றர், எத்தனை அம்பியர், எத்தனை வோல்ற்று, எவ்வளவு உரிப்பது, ஒன்றும் இல்லை. ஒன்றை உடைத்துப் பார்த்தோம். உள்ளே இருந்த தகடு கடதாசி போல மெலிதாக வளைந்தது. நல்லதில் வெள்ளீயப்பூச்சுள்ள கனமான செம்புத் தகடும், துருப்பிடிக்காத எஃகு வில்லும் இருக்கும். கீரிமலை, காங்கேசன்துறைப் பக்கம் உப்புக்காற்றில் மலிவான சாமான் எப்படிப் போகும் என்று நீங்கள் யன்னல் கொளுக்கியைப் பார்த்தே அறிவீர்கள். புதிய பெயர் ஒன்றை வாங்கினால் ஒன்றை உடைத்துப் பார்ப்பது நட்டமில்லை. பெயரும் அளவும் இல்லாத லீவரைவிடப் பெயருள்ள ஸ்குரூ கொனெக்டரை ஒழுங்காக இறுக்கிப் போடுவது மேல் என்று நான் நினைக்கிறேன்.

கனடாவில் இருந்து வரும் சிலர் அங்கே வீடுகளில் பாவிக்கும் மூடி போன்ற கொனெக்டரைக் கொண்டுவந்து தருகிறார்கள். மரெட் என்பார்கள். 1914இல் அங்கே வில்லியம் மார் என்பவர் உருவாக்கியது, வயர்களை ஒன்றாக வைத்து மேலே முறுக்குவது. அது பிழையான சாமான் இல்லை. ஆனால் எந்த நிறத்து மூடிக்கு எந்த அளவு வயர், எத்தனை வயர் என்பது அவர்களுடைய வயர் அளவை வைத்து எழுதப்பட்டிருக்கிறது. எங்கள் 7/0.67க்கு அதில் ஊகம்தான் பார்க்க வேண்டி வரும்.

கிணற்று மோட்டரைப் பற்றி ஒன்று. ஒரு குதிரைவலு மோட்டர் ஓடும்போது 6 அம்பியர் அளவில் இழுத்தாலும், தொடங்கும் அந்தக் கணத்தில் ஐந்தாறு மடங்கு இழுக்கும். காலையும் மாலையும் தோட்டத்துக்கு இறைக்கும் வீட்டில் அந்த இணைப்பு வருடத்தில் எழுநூறுக்கு மேற்பட்ட அடி வாங்குகிறது. மோட்டர் அதிர்வும் சேர்கிறது. கிணற்றடியில் பிளெக்ஸ் கேபிளை வீட்டு வயரோடு சேர்க்கும் இடத்தில் நான் லீவர்தான் போடுவேன், அதுவும் தண்ணீர் புகாத பெட்டிக்குள், கேபிளை இறுக்கிப் பிடிக்கும் கிளாண்டோடு. லீவருக்குத் தண்ணீரைத் தடுக்கும் சக்தி கிடையாது. இதைக் கவனிக்காமல் வேலியில் தொங்கவிட்டுப் போனவர்கள் உண்டு.

எந்தக் கொனெக்டராக இருந்தாலும் அது மூடியுள்ள பெட்டிக்குள், கைக்கு எட்டும் இடத்தில் இருக்க வேண்டும். ஸ்குரூ கொனெக்டரைச் சுவருக்குள் வைத்துச் சாந்து பூசுவது நாங்கள் பின்பற்றும் பிரித்தானிய வயரிங் விதிகளின்படியே பிழை. திரும்பப் பார்த்து இறுக்க வழியில்லாத இடத்தில் அதை வைக்கக்கூடாது. பழைய வீட்டில் எங்கே இணைப்பு இருக்கிறது என்று தெரியாமல் நான் சுவரைத் தட்டித் தட்டித் தேடிய நாட்கள் ஏராளம். இப்போது நான் வேலை முடித்ததும் டி.பி. பெட்டியின் மூடிக்குள் ஒரு கடதாசி ஒட்டுகிறேன்: எந்த லைன், எந்தப் பெட்டி, எந்த வகைக் கொனெக்டர், எந்த மாதம். துர்க்கை அம்மன் கோயிலடி வீட்டில் அதில் மூன்று வரி இருக்கிறது. அடுத்த சித்திரையில் அதே கேத்திலோடு போய் அந்த இரண்டு அளவையும் திரும்ப எடுக்கப் போகிறேன். வர விரும்பும் தம்பி தங்கச்சிமார் மீற்றரைக் கொண்டு வாருங்கள். அக்கா தேத்தண்ணி தருவா.

அன்புடன்,
தெல்லிப்பழையில் இருந்து
உங்கள் மூத்த தொழிலாளி ஒருவர்